சிவப்பு ஏடு, கறுப்பு ஏடு

1708-ஆம் ஆண்டு திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்கள் ஆங்கிலக் கம்பெனிக்கு வழங்கப்பட்டன. வழங்கியவர் முகலாயர்களின் கர்நாடகத் தளபதி தாவூத் கான். இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கொள்கலன் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நிலத்தின் பெரும்பகுதி அந்தச் சாசனத்தில் அடங்கியது. டெல்லி அரியணையில் அப்போது இருந்தவர் பகதூர் ஷா. அரியணை ஏறுவதற்கு முன் அவர் பெயர் இளவரசர் ஷா ஆலம். அவரிடம் மருத்துவராக இருந்த வெனிஸ் நகரத்துக்காரர் ஒருவர் மதராஸ்பட்டினத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தார். அவர்தான் நிக்கோலோ மனுச்சி.

மனுச்சியைப் பயண எழுத்தாளராகப் பலர் அறிவார்கள். ஓவிய வரலாற்றில் அவருக்குள்ள இடம் அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. ஐரோப்பாவுக்கு அவர் இரண்டு ஓவியத் தொகுப்புகளை அனுப்பினார். முகலாயப் பேரரசர்கள், இளவரசர்கள், தக்காண சுல்தான்கள், தளபதிகள் ஆகியோரின் உருவப்படங்கள் கொண்ட ஒன்று இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைச் சிவப்பு ஏடு என்கிறார்கள். தெய்வங்கள், கோயில் விழாக்கள், கல்யாணங்கள், துறவிகள், உடன்கட்டை ஏறுதல் ஆகிய காட்சிகள் கொண்ட மற்றொன்று வெனிஸ் மார்ச்சியானா நூலகத்தில் இருக்கிறது. அதற்குக் கறுப்பு ஏடு என்று பெயர். பணம் கொடுத்தவர் ஒருவரேதான், நோக்கமும் ஒன்றுதான். ஆனால் முதலாவதை வரைந்தவர் இளவரசரின் அரண்மனைச் சம்பளக்காரர். இரண்டாவதை வரைந்தவர்கள் சோழமண்டலக் கரையின் ஓவியர்கள். அரச ஆதரவு ஒரு ஓவியப் பாணிக்கு என்ன தருகிறது என்பதை இவ்வளவு நேராக அளந்து பார்க்க உதவும் சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அரச ஆதரவு என்றதும் பொன்னும் பரிசும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வேறு ஒன்றை முதலில் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். வரைபவரின் கைக்கும் வரையச் சொன்னவரின் கண்ணுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது? பாணி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் உருவாகிறது.

இடைவெளி மிகக் குறைவாக இருந்த இடம் அக்பரின் ஓவியக்கூடம். அதற்கு விதை போட்டவர் ஹுமாயூன். பாரசீக அரசவையிலிருந்து மீர் சையித் அலி, அப்துஸ் சமது என்ற இரண்டு வல்லுநர்களை அவர் அழைத்துவந்தார். அக்பர் அவர்களிடம் ஒப்படைத்த பெரிய வேலை ஹம்சாநாமா என்ற வீரக்கதைத் தொகுதி. துணியில் வரையப்பட்ட, முழங்கையைவிட நீளமான ஏறத்தாழ 1400 படங்கள் அதில் இருந்தன. முடிக்கச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின. இரண்டு பாரசீகர்களால் மட்டும் முடிகிற காரியம் இல்லை அது. குஜராத்திலிருந்தும் குவாலியரிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். பல்லக்குத் தூக்குபவரின் மகன் தஸ்வந்த், சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது அக்பரின் கண்ணில் பட்டு அங்கே சேர்க்கப்பட்டவர். பாரசீகத்தின் நுண்ணிய அலங்காரமும் இந்திய ஓவியர்களின் திரண்ட உடலும் வேகமும் அந்த 15 ஆண்டு நெருக்கடியில் கலந்தன. அந்தக் கலவையைத்தான் இன்று முகலாயப் பாணி என்கிறோம். பலரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே காரியத்தில் பூட்டியதன் விளைவு அது.

வேலை பகிர்ந்து செய்யப்பட்டது. மூத்தவர் காட்சியைத் திட்டமிட்டுக் கோடு போடுவார். இளையவர் வண்ணம் தீட்டுவார். முகம் மட்டும் எழுதுவதற்குத் தனித்தேர்ச்சி பெற்றவர் மூன்றாவதாக வருவார். யார் எதைச் செய்தார் என்பதை நூலக எழுத்தர் படத்தின் அடியில் சிவப்பு மையால் குறித்துவைத்தார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அக்பர்நாமா பிரதியில் இந்தக் குறிப்புகளை இன்றும் காணலாம். மதம் பிடித்த யானைமேல் அமர்ந்து அக்பர் யமுனையின் படகுப் பாலத்தில் பாயும் புகழ்பெற்ற காட்சியில், அமைப்பு பசாவனுடையது, வண்ணம் வேறொருவருடையது. பாலத்தின் படகுகள் அழுந்துவதும் ஆட்கள் சிதறுவதும் பசாவனின் சிந்தனை. அதைக் கெடுக்காமல் நிறைவு செய்தது வண்ணக்காரரின் அடக்கம்.

அக்பரின் அமைச்சர் அபுல் ஃபசல் எழுதிவைத்த ஒரு செய்தி இங்கே முக்கியமானது. ஒவ்வொரு வாரமும் ஓவியர்களின் வேலையை மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் பேரரசரின் முன் வைப்பார்கள். தரத்துக்கு ஏற்பப் பரிசோ சம்பள உயர்வோ கிடைக்கும். வாரம் ஒருமுறை என்பதை நாம் சற்று நின்று கவனிக்கவேண்டும். கோடு முடிந்து வண்ணம் தொடங்காத நிலையிலேயே ஒரு படம் அரசரின் பார்வைக்குப் போக முடிந்தது. தவறு உலரும் முன்பே திருத்தப்பட்டது. பிடித்துப்போன ஒரு புது முயற்சி அடுத்த வாரமே நான்கு பேருடைய பலகைகளில் தெரிந்திருக்கும். நூறு ஓவியர்களின் கை ஒரே பாணியாக இறுகியது இந்தச் சுழற்சியால்தான்.

ஜஹாங்கீர் கூடத்தைச் சுருக்கினார், கண்ணை இன்னும் கூர்மையாக்கினார். ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் எழுதியிருந்தாலும் யார் எதை எழுதினார் என்று தன்னால் சொல்ல முடியும் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். பறவைகளையும் விலங்குகளையும் வரைந்த மன்சூர், உருவப்படத்தில் முதல்வரான அபுல் ஹசன் ஆகியோருக்கு விருதுப்பெயர்கள் வழங்கினார். பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் முகத்தை நேரில் கண்டு எழுதிவர, தூதுக்குழுவோடு பிஷன்தாஸ் என்ற ஓவியரை அனுப்பினார். ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ வைத்திருந்த ஒரு சிறிய படத்தைத் தன் ஓவியரால் பிரதி எடுக்க முடியும் என்று ஜஹாங்கீர் 1616-இல் பந்தயம் கட்டியதும் பதிவாகியிருக்கிறது. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆறு படங்கள் மேசைமேல் வைக்கப்பட்டன. ஐந்து பிரதி, ஒன்று மூலம். தன் படத்தை அடையாளம் காண ரோ சற்றுத் திணறிப்போனார். பிரதி எடுப்பது அந்தக் கூடத்தில் இழிவான வேலையாக இருக்கவில்லை என்பதற்கு இது சாட்சி. அதுதான் பயிற்சியின் அடிப்படை. மனுச்சியின் சிவப்பு ஏட்டைப் புரிந்துகொள்ளவும் இதுதான் திறவுகோல்.

பிரதி எப்படி எடுத்தார்கள்? பட்டறையின் உண்மையான சொத்து வண்ணக் கிண்ணங்களைவிட மான்தோல் படிகளில்தான் இருந்தது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகப் பதப்படுத்திய தோலை மூலப்படத்தின்மேல் வைத்துக் கோட்டைப் பதிவு செய்வார்கள். பிறகு அந்தக் கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். புதுத்தாளின்மேல் அதை வைத்து, துணிமுடிச்சில் கட்டிய கரித்தூளை ஒற்றினால் கோடு புள்ளிகளாக இறங்கும். ஒரு பேரரசரின் முகவெட்டு இப்படித் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கும் பயணம் செய்தது. இறந்து நூறாண்டு ஆன அரசரின் மூக்கு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தோல்துண்டுதான் அத்தாட்சி.

கீழே உள்ள தாள் ஒற்றைத் தாள் அல்ல. மூன்று நான்கு தாள்களைப் பசையிட்டு ஒட்டி, பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்து, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய அட்டை அது. கரிப்புள்ளிகளைக் காவியால் இணைத்துக் கோடாக்கி, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுப்பார்கள். கோடு அடியில் மங்கலாகத் தெரியும். பிறகு படத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்புறம் தேய்ப்பார்கள். ஒவ்வொரு வண்ண அடுக்குக்குப் பிறகும் இந்தத் தேய்ப்பு உண்டு. பிசின் கலந்த வண்ணம் தாளோடு இறுகி எனாமல் போல மின்னுவது இதனால்தான். அணில்வால் மயிரில் கட்டிய தூரிகையால் முகத்தில் புள்ளி வைத்து நிழல் ஏற்றுவதும் பொன் பூசுவதும் கடைசி வேலை. அடுக்கும் தேய்ப்பும் எத்தனை முறை என்பது ஓவியருக்குக் கிடைத்த நேரத்தைப் பொறுத்தது. அரண்மனை மாதச் சம்பளம் கொடுத்தால் நேரம் இருந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கினால் தேய்ப்பு குறைந்தது. அருங்காட்சியகத்தில் ஒரு சிற்றோவியத்தைச் சாய்வாகப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும். கூடத்து வேலையில் ஒளி ஒரே தகடாக வழியும். சந்தை வேலையில் வண்ணம் தாளின்மேல் தனியாக நிற்கும், விளிம்பில் செதில் விடும்.

ஔரங்கசீப் காலத்தில் பேரரசரின் கூடம் மங்கியது. அவர் ஓவியத்தை ஒரே நாளில் ஒழித்துவிட்டார் என்று சொல்வது மிகை. ஆட்சியின் தொடக்கத்தில் அவருடைய சிறந்த உருவப்படங்கள் சில எழுதப்பட்டன. ஆனால் வாராவாரம் பார்த்த கண் விலகிக்கொண்டது. ஓவியர்கள் இளவரசர்களின் வீடுகளுக்கும் பிரபுக்களிடமும் ராஜபுத்திர அரசுகளுக்கும் தக்காணத்துக்கும் போனார்கள். ஷா ஆலமின் வீட்டில் பணியாற்றிய மீர் முகம்மது இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். அதே வீட்டில் மருத்துவராக இருந்த மனுச்சிக்கு அவர் நண்பரானார்.

வெனிஸிலிருந்து சிறுவனாகக் கப்பலேறி, 1656-இல் சூரத்தில் வந்து இறங்கி, இளவரசர் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் சேர்ந்து, பிறகு மருத்துவம் பார்க்கத் தொடங்கியவர் மனுச்சி. முகலாய அரசைவிட்டு 1686-இல் வெளியேறும் முன் மீர் முகம்மதுவிடம் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை எழுதி வாங்கினார். தைமூரிலிருந்து ஔரங்கசீப் வரையிலான வரிசையும், பிஜப்பூர், கோல்கொண்டா அரசர்களும், பெயர்பெற்ற தளபதிகளும் அதில் அடக்கம். செலவுக்கு அஞ்சவில்லை, மதிப்புள்ள அன்பளிப்புகள் கொடுத்தேன், இரகசியமாகச் செய்யவேண்டியிருந்தது என்று அவரே எழுதுகிறார். அரண்மனையில் உள்ள மூலங்களிலிருந்து எடுத்தவை இவை, ஐரோப்பாவில் புழங்கும் மற்றவை போலி என்பது அவருடைய வாதம். அரசிகள், இளவரசிகள் படங்களை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கும் காரணம் சொல்கிறார். அவர்களை எந்த ஓவியரும் பார்க்க முடியாது. பார்த்ததாக விற்கப்படும் படங்கள் கற்பனை.

இந்த வாக்குமூலத்தில் இருக்கும் வணிகப் பெருமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு செய்தி மிஞ்சுகிறது. மீர் முகம்மதுவிடமிருந்து மனுச்சி வாங்கியதில் கைத்திறன் ஒரு பங்குதான். மூலப்படங்கள் வைத்திருக்கும் அறைக்குள் நுழையும் உரிமையையும் சேர்த்தே அவர் வாங்கினார். அந்த உரிமை அரச ஆதரவின் ஒரு துண்டு. அது பின்வாசல் வழியாக விற்கப்பட்டது.

சிவாஜியின் படம் இந்த ஏட்டில்தான் இருக்கிறது. குதிரைமேல் பக்கவாட்டு முகமாக அவர் போகிறார். காலாட்கள் சூழ்ந்து வருகிறார்கள். மராட்டிய மன்னரின் உருவத்துக்கு அவர் காலத்தை ஒட்டிய சில சான்றுகளில் இதுவும் ஒன்று. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். முகம் முழுப் பக்கவாட்டில் எழுதப்பட்டிருப்பது முகலாயக் கூடத்தின் விதி. அரசத் தகுதியுள்ளவர் பார்ப்பவரை நோக்கமாட்டார். குதிரையும் சுற்றி ஓடும் காலாட்களும் படத்துக்குப் படம் மாறாமல் வரக்கூடிய வார்ப்புகள். முகத்துக்குத்தான் தனிக் கவனம் வேண்டும். சிவாஜி 1666-இல் ஆக்ரா அரசவைக்கு வந்தவர். அவரை அங்கே கண்டு எழுதிய குறிப்பு ஏதேனும் முகலாய ஓவியர்களிடையே புழங்கியிருக்க இடமுண்டு. மனுச்சியும் அதற்கு முந்தைய ஆண்டு முகலாயத் தளபதி ஜெய்சிங்கின் பாசறையில் சிவாஜியைச் சந்தித்தவர். ஆகவே படத்தைப் பார்த்து ‘ஆம், இவர்தான்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் ஓவியரின் அருகிலேயே இருந்தார். உருவப்படத்துக்கு வேண்டிய மூன்றும் அங்கே கூடியிருந்தன: பழகிய வார்ப்பு, நேரில் கண்ட முகத்தின் நினைவு, சரிபார்க்கும் கண்.

அப்படி இருந்தும் இது அக்பர் கூடத்தின் வேலை ஆகிவிடவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை ஒருவர், தன் எஜமானருக்கான வேலைக்கு இடையில், கமுக்கமாக முடிக்கவேண்டியிருந்தது. கோடு போட ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர் என்ற வசதி இல்லை. இத்தகைய வரிசைப் படங்களில் அவசரம் எங்கே தெரியும் என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஏவலர்களின் முகங்களைப் பாருங்கள், ஒரே அச்சில் இருக்கும். தோல்படியைத் திருப்பிப் போட்டு எடுத்த உருவம் இடவலம் மாறி இன்னொரு படத்தில் வரும். அப்போது வாள் தவறான இடுப்பில் தொங்கும். பாதம் தரையில் பதியாமல் மிதக்கும். துளைவழி இறங்கிய கோட்டை அப்படியே பின்பற்றியவரின் கோடு எங்கும் ஒரே தடிமனாக ஓடும்; உடலைப் புரிந்து வரைந்தவரின் கோடு தோளில் தடித்து விரல்நுனியில் மெலியும். இந்தச் சோதனைகளை மனுச்சியின் ஏட்டுக்கு மட்டுமல்ல, கோல்கொண்டாவில் டச்சுக்காரர்களுக்காக அதே ஆண்டுகளில் எழுதப்பட்ட ஏடுகளுக்கும் பொருத்தலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் விட்சன் வைத்திருந்த, 49 உருவப்படங்கள் கொண்ட தொகுப்பு அவற்றில் பெயர்பெற்றது. அரசர் வரிசையை ஒரு தொகுப்பாக விற்கும் பழக்கம் 1680-களில் சோழமண்டலக் கரைக்குப் பின்னால் இருந்த தக்காணத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது.

ஆதரவாளரின் வீடு எவ்வளவு நிலையற்றது என்பதையும் அதே ஆண்டுகள் காட்டின. 1687-இல் கோல்கொண்டா சுல்தானோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாக ஷா ஆலமை அவருடைய தந்தையே சிறையில் அடைத்தார். அதே ஆண்டு கோல்கொண்டாவும் வீழ்ந்தது. ஓர் இளவரசரின் வீட்டை நம்பி இருந்த ஓவியரும் ஒரு சுல்தானை நம்பி இருந்த கூடமும் சில மாதங்களுக்குள் நிழல் இழந்தார்கள்.

மனுச்சி அதற்குள் மதராஸ்பட்டினம் வந்துவிட்டார். தாமஸ் கிளார்க் என்ற ஆங்கிலேயரின் விதவை எலிசபெத்தை மணந்து இங்கேயே தங்கினார். இந்த ஊருக்குத் துறைமுகம் அப்போது கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் கடிதமும் மசூலாப் படகில் அலையைக் கடந்துதான் போகவேண்டும். அரசவை இல்லை. நவாபின் ஆற்காடும் தஞ்சை மராட்டியரின் அரண்மனையும் தொலைவில் இருந்தன. இங்கே இருந்த பெரிய ஆதரவாளர் கம்பெனி ஒன்றுதான். கம்பெனி வாங்கிய ஓவியம் துணியில் இருந்தது.

வடசென்னையின் பழைய பட்டறை இதுதான். ஆங்கிலேயர் 1639-இல் இந்த மணற்கரையைத் தேர்ந்ததே நெசவாளர்களையும் துணி ஓவியர்களையும் நம்பித்தான். வெளுப்பவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. திருவொற்றியூரை ஒட்டி ஆளுநர் ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இன்று காலடிப்பேட்டை. துணி ஓவியத்தின் முறை சிற்றோவியக்காரர் எவருக்கும் பழகியதாகவே தோன்றியிருக்கும். கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைத்த துணியைத் தட்டி வழுவழுப்பாக்குவார்கள். துளையிட்ட தாளை அதன்மேல் வைத்துக் கரித்தூள் ஒற்றுவார்கள். மூங்கில் எழுதுகோலால் இரும்புக் கரைசலில் கறுப்புக் கோடும், சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலும் எழுதி, சாயவேரில் கொதிக்கவைப்பார்கள். நீலத்துக்கு மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். புதுச்சேரியில் இருந்த பாதிரியார் கேர்து 1742-இல் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். துளையிட்ட தாளும் கரித்தூளும் அவருடைய விவரணையில் வருகின்றன.

துளையும் கரியும் ஆக்ராவிலும் ஒன்றுதான், மதராசிலும் ஒன்றுதான். வேறுபட்டது கண். துணி ஓவியர்களுக்கு லண்டனிலிருந்து மாதிரிகள் வந்தன. இப்படி எழுது, நடுவில் இந்தக் கொடி, ஓரத்தில் இந்தப் பூ. சிவப்புத் தரை கொண்ட விரிப்புகள் விற்கவில்லை, வெள்ளைத் தரையில் நடுவே பூக்கள் வேண்டும் என்று கம்பெனி இயக்குநர்கள் 1643-இல் சூரத்துக்கு எழுதினார்கள். ஒரு கடிதம் தரையின் நிறத்தையே மாற்றக்கூடியதாக இருந்தது. ஆனால் கடிதம் வர ஆறு மாதம் அல்லது அதற்கும் மேல், சரக்கு போக அதே அளவு. தவறு தெரிந்து திருத்தம் வருவதற்குள் பருவங்கள் இரண்டு கடந்துவிடும். வாராவாரம் பார்த்த அக்பரின் கண் இங்கே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போன கண்ணாகிவிட்டது. அந்த இடைவெளியில் ஓவியர் தன் வழக்கத்துக்குத் திரும்புவார். ஆங்கில மாதிரியில் உள்ள ரோஜா அவர் கையில் தாமரையின் இதழ்களைப் பெறும். ஐரோப்பியர் பெரிதும் விரும்பிய பூமரத் துணிகள் இந்தத் தடுமாற்றத்தின் அழகிய விளைவு. பிரான்சு 1686-இலும் இங்கிலாந்து 1700-இலும் இறக்குமதித் துணிக்குத் தடை போட்டபோது இந்த ஆதரவும் ஓர் அரசரின் மரணத்தைப்போலவே திடீரென்று ஆட்டம் கண்டது.

இப்போது கறுப்பு ஏட்டைப் பாருங்கள். 1700-ஐ ஒட்டி மனுச்சி தன் நூலின் கையெழுத்துப் பிரதியையும் சிவப்பு ஏட்டையும் பிரான்சுக்குத் திரும்பிய பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரி பூரோ-தெலாந்த் கையில் கொடுத்தனுப்பினார். அதன்பின் நூலை விரிவாக்கினார். இந்துக்களின் தெய்வங்களையும் வழக்கங்களையும் பற்றி எழுதத் தொடங்கினார். படங்கள் மறுபடியும் வேண்டியிருந்தன. மீர் முகம்மது இல்லை, மூலப்படங்கள் உள்ள அறை இல்லை, தோல்படிகள் இல்லை. கரையோரத்து ஓவியர்களை அமர்த்தினார்.

பேரரசர்களை அவர்கள் எழுதியிருந்தால் பொம்மைகள்தான் வந்திருக்கும். அவர்கள் எழுதியதோ தேரும் திருவிழாவும், கல்யாண ஊர்வலமும், சிவனும் விஷ்ணுவும். இவை அவர்களுக்கு மனப்பாடம். இங்கே மூலம் ஓர் அரண்மனைப் பெட்டகத்தில் பூட்டியிருக்கவில்லை. கோயில் சுவரிலும் தேர்ச்சீலையிலும், ஆண்டுதோறும் தெருவில் நடக்கும் விழாவிலும் இருந்தது. மூலத்தை அணுக யாருக்கும் அன்பளிப்பு கொடுக்கவேண்டியதில்லை. ஆகவே தெய்வ உருவங்களில் தயக்கமில்லை. தட்டையான வண்ணமும் அழுத்தமான கோடும் துணி ஓவியத்தின் உறவைச் சொல்கின்றன. தடுமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு விழாவை வெளியாளுக்கு விளக்கும் பொருட்டு, நடுவில் பெரிதாக, எல்லாரும் தெரியும்படி, அடியில் குறிப்பு எழுத இடம்விட்டு வரையவேண்டும் என்பது அவர்கள் அதுவரை செய்யாதது. வழிபாட்டுக்கு எழுதிப் பழகிய கை, தகவலுக்காக எழுதவேண்டியிருந்தது. ஊர்வலத்தில் போகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராக அடுக்கப்பட்டு, யார் என்ன செய்கிறார் என்பது தெளிவாகத் தெரியும்படி நிறுத்தப்படுவது இந்தப் புதிய தேவையால் வந்தது.

பின்னாளில் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகச் சாதி, தொழில் வாரியாகக் கணவன் மனைவி இணைகளை எழுதிக் கட்டுக்கட்டாக விற்றார்கள். இரண்டாம் சரபோஜியின் அரண்மனை அவர்களில் பலருக்கு ஆதரவு தந்தது; விற்பனை ஆங்கிலேயரிடம் நடந்தது. அந்த வகை ஓவியத்துக்கு முன்னோடியை மதராஸ் பக்கம் தேடினால் மனுச்சியின் கறுப்பு ஏட்டில் வந்து நிற்போம் என்பது என் கணிப்பு. நேர்வழித் தொடர்பு இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நிலைமை ஒன்றே: தெரிந்ததை, தெரியாதவருக்காக, தொகுப்பாக, ரொக்கத்துக்கு.

இரண்டு ஏடுகளையும் அடுத்தடுத்து வைக்கும்போது சிவப்பு உயர்ந்தது, கறுப்பு தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது எளிது. நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். முகலாயப் படங்களுக்குக் கிடைத்த கவனம் தெற்கத்திப் படங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தீர்ப்பு தவறு என்று நினைக்கிறேன். சிவப்பு ஏட்டின் நேர்த்தி மீர் முகம்மதுவுடையது மட்டுமல்ல. அவருக்கு முன் நான்கு தலைமுறைப் பேரரசர்கள் பார்த்துத் திருத்திய வார்ப்புகளின் சேமிப்பு அதில் இருக்கிறது. அந்தச் சேமிப்பிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தார். புதிதாகச் சேர்த்தது குறைவு. கறுப்பு ஏட்டின் ஓவியர்களுக்குப் பின்னால் அப்படியொரு அரசக் கண் இல்லை. ஒரு புதுவகைப் படத்தை எப்படி அமைப்பது என்பதை அவர்களே, ஒரு வெனிஸ் மருத்துவரின் அரைகுறை விளக்கத்தை வைத்துக்கொண்டு, கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலாவது ஒரு பாணியின் அறுவடை. இரண்டாவது ஒரு பாணியின் தொடக்கம். முதலாவதில் ஓவியரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது, ஏனெனில் அரண்மனையின் மனிதர் என்பதால் மனுச்சி அதை எழுதிவைத்தார். இரண்டாவதில் அந்த மதிப்பு ஓவியர்களுக்குக் கிடைக்கவில்லை. அரச ஆதரவு தருவதில் பெயரும் ஒன்று.

ஏடுகளின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனுச்சியின் கையெழுத்துப் பிரதி பாதிரியார் கத்ரூவிடம் சேர்ந்தது. அவர் அதைத் தன் போக்கில் சுருக்கி 1705-இல் தன் பெயரில் முகலாயப் பேரரசின் வரலாறாக வெளியிட்டார். மனம் புண்பட்ட மனுச்சி மதராசிலிருந்து நேராக வெனிஸ் ஆட்சி மன்றத்துக்கு எழுதினார். ஒரு கப்புச்சின் பாதிரியார் வழியாக நூலின் மற்றப் பகுதிகளையும் கறுப்பு ஏட்டையும் அனுப்பினார். சிவப்பு ஏடும் வெனிஸ் போய்ச் சேர்ந்தது. நெப்போலியனின் படை 1797-இல் வெனிஸைப் பிடித்தபோது சிவப்பு ஏட்டைப் பாரிசுக்கு எடுத்துச்சென்றார்கள். கறுப்பு ஏடு வெனிஸிலேயே தங்கிவிட்டது. வில்லியம் இர்வின் 1907, 1908 ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் மனுச்சியின் நூல் முதன்முறையாக உரிய பெயரோடு முழுமைக்கு அருகில் வெளிவந்தது. படங்களில் பலவும் அதில் அச்சாயின.

சென்னையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மனுச்சியைக் கோட்டை அரசியலின் ஓரத்தில் வரும் ஒரு விசித்திர மனிதராகவே வைக்கிறார்கள். தாவூத் கானிடம் 1701-இல் கம்பெனியின் தூதராகப் போனவர், பட்டினத்தில் மருத்துவம் பார்த்தவர், அவ்வளவுதான். அவர் அனுப்பிய கறுப்பு ஏடு இந்தக் கரையின் ஓவியர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய படங்களின் தொகுப்பு; தமிழகத்து விழாக்களும் சடங்குகளும் அதில் இருக்கின்றன. இரண்டு ஏடுகளின் நகல்களையும் அருகருகே, தமிழ்க் குறிப்புகளோடு, சென்னையில் ஒரு காட்சியாக வைக்கவேண்டும். கோட்டை அருங்காட்சியகமோ எழும்பூர் அருங்காட்சியகமோ முன்வந்தால் பாரிஸ், வெனிஸ் நூலகங்களிடம் நகலுரிமை கேட்பது பெரிய காரியமில்லை. காலடிப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் படிக்கும் பிள்ளைகள் அந்தக் காட்சிக்கு முதலில் அழைக்கப்படவேண்டும்.